காலிப் பெட்டி எத்தனை நாளில் திரும்பும்?

விடியற்காலையில் ஆவின் பாக்கெட்டுகள் கடைக்கு வந்து இறங்கும் பிளாஸ்டிக் டப்பைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வண்டிக்காரர் பால் உள்ள டப்பை இறக்கி வைக்கிறார், நேற்று வைத்துவிட்டுப் போன காலி டப்பை அதே வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். போன பெட்டி மறுநாளே கையில் இருக்கிறது. அதனால்தான் பாலை அட்டைப்பெட்டியில் அனுப்பலாமா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

இதையே ஓசூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் கார் உதிரிபாகத்துக்குச் செய்து பார்த்தால் விஷயம் சிக்கலாகிறது. தூரம் 270 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். பெட்டி போய்ச் சேர ஓர் இரவு போதும். ஆனால் காலியாகித் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. திரும்பி வரும் பெட்டி லாபமா, ஒருமுறை அனுப்பித் தூக்கிப் போடும் அட்டைப்பெட்டி லாபமா என்ற கணக்கு, பெட்டியின் விலையைவிட இந்த நாள் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

எத்தனை பெட்டி வேண்டும்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. ஓசூரில் ஒரு சிறு தொழிற்சாலை, அலுமினிய பிராக்கெட் ஒன்றைக் கடைந்து தினமும் 2,000 எண்ணிக்கை கார் ஆலைக்கு அனுப்புகிறது. ஒரு பிராக்கெட் 600 கிராம். 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் 280 மி.மீ. உயரமும் உள்ள பெட்டியில், ஒன்றோடொன்று உரசாதபடி தடுப்பு வைத்து அடுக்கினால் 20 பிராக்கெட் பிடிக்கும். பெட்டியோடு சேர்த்து எடை 15 கிலோவுக்குள் அடங்கிவிடுவதால் ஓர் ஆள் சிரமமில்லாமல் தூக்கி வைக்கலாம். ஆக, ஒரு நாளைக்கு 100 பெட்டி.

இந்த 600க்கு 400 என்ற அளவு தற்செயலாக வந்ததல்ல. 1,200க்கு 1,000 மி.மீ. பாலெட்டின் மேல் ஓர் அடுக்குக்கு இப்படிப்பட்ட ஐந்து பெட்டிகள் இடம் வீணாகாமல் உட்காரும். ஐரோப்பாவின் 1,200க்கு 800 மி.மீ. பாலெட்டில் நான்கு உட்காரும். ஜெர்மனியின் கார் ஆலைகள் தங்கள் சிறு பெட்டிகளுக்கு இதே அளவையும், இதைப் பாதி பாதியாகக் குறைத்த அளவுகளையும்தான் தரமாக வைத்திருக்கின்றன.

தினமும் 100 பெட்டி போகிறது என்பதால் 200 அல்லது 300 பெட்டி வாங்கினால் போதும் என்று தோன்றும். புதிதாக இந்த முறைக்கு மாறுபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். ஒரு பெட்டியின் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்ப்போம். பாகம் நிரப்பப்பட்டு ஓசூர் கிடங்கில் 2 நாள் நிற்கிறது. லாரியில் 1 நாள். ஆலையின் ஸ்டோரில் 3 நாள். அசெம்ப்ளி லைனின் ஓரத்தில், தொழிலாளி ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக் காலியாக்கும்வரை 1 நாள். காலியானது எம்ப்டி யார்டுக்குப் போய், பெயர் வாரியாகப் பிரித்து, வண்டிக்குக் காத்திருப்பது 3 நாள். திரும்பி வர 1 நாள். கழுவி, உடைசலைப் பார்த்து, மறுபடி நிரப்புமிடத்துக்கு வர 1 நாள். மொத்தம் 12 வேலைநாள்.

ஒரு நாளைக்கு 100 பெட்டி, சுற்று 12 நாள் என்றால் எந்த நேரத்திலும் 1,200 பெட்டிகள் எங்கேயாவது ஓரிடத்தில் இருந்துகொண்டே இருக்கும். ஆலை திடீரென்று உற்பத்தியைக் கூட்டலாம், லாரி ஒரு நாள் தவறலாம், சில பெட்டிகள் உடையலாம். இதற்கெல்லாம் சேர்த்து இன்னொரு 200. ஆக 1,400 பெட்டி வாங்க வேண்டும். முதலில் நினைத்த 300 எங்கே, இது எங்கே!

ரூபாயில் பார்த்தால்

தடுப்புகளோடு கூடிய ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி ஒன்று 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 30,000 பெட்டி. அட்டைக்கு மட்டும் ஆண்டுச் செலவு 18 லட்சம்.

மடக்கக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று 900 ரூபாய் என்றால், 1,400 பெட்டிக்கு முதல் 12 லட்சத்து 60 ஆயிரம். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று பிரித்தால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம். பத்தில் ஒரு பெட்டி ஆண்டுதோறும் உடைந்தோ காணாமலோ போகும் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றேகால் லட்சம். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர, பெட்டிக்குப் பத்து ரூபாய் வீதம் 3 லட்சம். கழுவிச் சரிபார்க்க நான்கு ரூபாய் வீதம் 1 லட்சத்து 20 ஆயிரம். எண்ணிக் கணக்கு வைக்கும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கும் முதலுக்கான வட்டியும் சேர்ந்து 2 லட்சம். எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 10 லட்சம்.

ஆண்டுக்கு 8 லட்சம் மிச்சம். போட்ட முதல் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். காகிதத்தில் பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் யாருடைய பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குக் காசு கொடுப்பவர் ஓசூர்க்காரர். அது காலியானதும் பழைய அட்டையாக எடைக்குப் போட்டுக் காசு பார்ப்பது ஆலை. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினால் ஆலைக்கு அந்த வரும்படி போய்விடும். அதோடு காலிப் பெட்டியைச் சேர்த்து, மடக்கி, எண்ணி அனுப்பும் வேலையும் புதிதாக வந்து சேரும். மிச்சம் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு என்றால் அந்த வேலை ஒழுங்காக நடக்காது. விலை பேசும்போதே பெட்டிச் செலவைப் பாகத்தின் விலையிலிருந்து தனியே பிரித்து எழுதிவிடும் ஆலைகளில் இந்தச் சிக்கல் குறைவு. மிச்சத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அங்கே வெளிப்படையாக இருக்கிறது.

காற்றை ஏற்றி வரும் லாரி

திருப்பிக் கொண்டுவரப் பெட்டிக்குப் பத்து ரூபாய் என்று போட்டோம். அது எப்படி வந்தது என்று பார்த்தால்தான் மடக்கும் பெட்டிக்கு ஏன் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது புரியும்.

உள்ளே 6 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் உள்ள லாரியில் தளத்தில் 50 பெட்டிகள் வைக்கலாம். 2.1 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஏழு வரிசை. மொத்தம் 350 பெட்டி. மடங்காத பெட்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் அடைக்கும் இடம் ஒன்றுதான். திரும்பி வரும் வாடகை 12,000 ரூபாய் என்றால் பெட்டிக்கு 34 ரூபாய். புது அட்டைப்பெட்டியின் விலையில் பாதிக்கு மேல், வெறும் காற்றைச் சுமந்து வரவே போய்விடுகிறது. அதே பெட்டி 70 மி.மீ. உயரத்துக்கு மடங்கினால், பாலெட்டுக்கும் இடைவெளிக்கும் விட்டது போக, 1,200 பெட்டியை ஏற்றலாம். அப்போதுதான் அந்தப் பத்து ரூபாய்க் கணக்கு வருகிறது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தினமும் 100 பெட்டிதான் காலியாகிறது. 1,200 சேர்ந்த பிறகு லாரியை அனுப்பலாம் என்று காத்திருந்தால், முதலில் காலியான பெட்டி 12 நாள் யார்டில் கிடக்கும். சுற்று 12 நாளிலிருந்து 20 நாளுக்கு மேல் போய்விடும். லாரி வாடகையில் மிச்சம் பிடிக்கப்போய், கூடுதலாக எண்ணூறு ஆயிரம் பெட்டி வாங்க வேண்டி வரும். அதனால் இந்தத் தொழிலில் பழகியவர்கள் தனி லாரிக்குக் காத்திருப்பதில்லை. பால் வண்டிபோல ஓசூரில் நான்கைந்து தொழிற்சாலைகளில் பாகங்களைத் தொட்டுத் தொட்டு ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, திரும்பும்போது அத்தனை பேருடைய காலிப் பெட்டியையும் அன்றன்றே ஏற்றி வர வேண்டும். மடங்கிய 100 பெட்டி அந்த லாரியில் ஒரு மூலையைத்தான் அடைக்கும். போகவர என்று வாடகை பேசும்போதே, 'ரிட்டர்னில் எம்ப்டி ஏற்ற வேண்டும்' என்று எழுதாவிட்டால், ஓட்டுநர் வேறு ரிட்டர்ன் லோடு பிடித்துக்கொண்டு போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தூரம் கூடினால் கதையே மாறிவிடும். இதே பிராக்கெட் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஹரியானாவின் மானேசருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும் வாடகை 60,000 என்றால், மடங்கும் பெட்டிக்கே ஒன்றுக்கு 50 ரூபாய் ஆகிறது. மடங்காததற்கு 170 ரூபாய். பெட்டி வாங்கிய செலவைச் சேர்க்காமலே 60 ரூபாய் அட்டைப்பெட்டியைத் தொட்டுவிட்டோம். அங்கே தனக்கென்று பெட்டி வாங்கி ஓட்டுவது நஷ்டம்.

பெட்டி எங்கே போகிறது?

சுற்று 12 நாள் என்று திட்டம் போட்டோம். ஆறு மாதம் கழித்து ஓசூரில் காலிப் பெட்டி போதவில்லை என்று கூச்சல் கிளம்பும். திருட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் பெட்டி ஆலைக்குள்ளேயேதான் இருக்கும். உறுதியான, கழுவக்கூடிய, கைப்பிடி வைத்த பெட்டி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஸ்டோரில் போல்ட்டு நட்டு போட்டு வைக்க நாலு, பராமரிப்புப் பிரிவில் கருவி வைக்க ரெண்டு, தரச் சோதனையில் நிறுத்தி வைத்த பாகங்களோடு மாதக்கணக்கில் தேங்கி நிற்பவை சில. இன்னொரு சப்ளையரின் பெட்டியும் அதே நீல நிறம் என்றால், அவருடைய லாரியில் ஏறிப் போனவை சில.

இதனால் சுற்று 20 நாளானால் என்ன ஆகும்? 1,400 பெட்டியை 20 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 70தான் கிடைக்கும். ஆனால் பாகம் 100 பெட்டிக்குப் போயாக வேண்டும். லைன் நின்றால் பதில் சொல்ல முடியாது. மீதி 30க்கு அவசரமாக அட்டைப்பெட்டி வாங்குவார்கள். ஆண்டுக்கு 9,000 அட்டைப்பெட்டி, 5 லட்சத்து 40 ஆயிரம். திருப்பும் செலவும் கழுவும் செலவும் கொஞ்சம் குறையும்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும், 8 லட்சமாக இருந்த மிச்சம் பாதியாகச் சுருங்கிவிடும். இத்தனைக்கும் ஒரு பெட்டிகூடத் தொலையவில்லை. எட்டு நாள் தாமதமாகத் திரும்பியது, அவ்வளவுதான்.

இது நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. பெட்டி போகும்போது சலானில் பாகத்தின் எண்ணிக்கையோடு பெட்டியின் எண்ணிக்கையும் தனி வரியாக இருக்க வேண்டும். காலிப் பெட்டி வரும்போதும் அதே மாதிரி எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும். போனதில் வந்ததைக் கழித்தால் ஆலையில் எத்தனை நிற்கிறது என்று தெரியும். அதை 100ஆல் வகுத்தால் எத்தனை நாளாக நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நம் திட்டப்படி லாரியிலும் ஆலையிலுமாகச் சேர்ந்து 9 நாள், அதாவது 900 பெட்டி வெளியே இருக்கலாம். அது 1,100ஐத் தாண்டும் வாரத்திலேயே போன் போட்டால் சரிசெய்யலாம். காலிப் பெட்டி தீர்ந்த பிறகு போட்டால் அட்டைப்பெட்டிதான்.

பெட்டி திரும்பி வந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. பழைய லேபிள். பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கர் கழுவினாலும் முழுதாக உரியாது. புது ஸ்டிக்கரைப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால், ஆலையின் டாக்கில் ஸ்கேனர் பழையதைப் படித்துவிடும். இடது பக்க பிராக்கெட் வலது பக்கக் கணக்கில் ஏறும். இரண்டு நாள் கழித்து லைனில் ஒன்று இல்லாமல் போகும், கணினியோ இருக்கிறது என்று சாதிக்கும். பெட்டியின் முகப்பில் அட்டை செருகும் உறை வைப்பது இதற்காகத்தான். ஸ்டிக்கரே ஒட்டக் கூடாது, அச்சடித்த அட்டையைச் செருகி, காலியானதும் உருவிவிட வேண்டும். அதேபோல, மூலையில் சேர்ந்திருக்கும் உலோகச் சிராய்த்தூள் எஞ்சினுக்குள் போகும் பாகத்தோடு பயணம் செய்தால் விளைவு விபரீதம். அட்டைப்பெட்டி ஒவ்வொரு முறையும் புதிது என்பதால் இந்த இரண்டு கவலையும் அதற்கு இல்லை. கழுவும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத பெட்டி

காலிப் பெட்டி ஏன் ஓசூருக்கே திரும்பி வர வேண்டும்? எல்லோரும் ஒரே அளவுப் பெட்டியும் பாலெட்டும் வைத்திருந்தால், ஸ்ரீபெரும்புதூரில் காலியானதைப் பக்கத்து ஊர்த் தொழிற்சாலை எடுத்துக்கொள்ளலாமே, ஓசூர்க்காரர் தன் ஊரில் காலியானதை எடுத்துக்கொள்ளலாமே. பூலிங் என்று சொல்வது இதைத்தான்.

இதில் இரண்டு மரபுகள் உண்டு. ஐரோப்பாவின் ரயில்வே நிறுவனங்கள் 1961இல் ஒரே அளவுள்ள மரப் பாலெட்டை ஒப்புக்கொண்டன. நிறைந்த பாலெட்டை இறக்கும்போது அதே எண்ணிக்கையில் காலிப் பாலெட்டை வாங்கிக்கொண்டு போகலாம். கைக்குக் கை மாற்று. எளிய முறைதான், ஆனால் பலகை உடைந்ததைக் கொடுத்து நல்லதை வாங்கிக்கொள்ளும் ஆசையைத் தடுக்க முடியாது. நாளாக ஆக, சுற்றில் மட்டமானவைதான் மிஞ்சும். அதனால் அங்கே பாலெட்டைத் தரம் பிரித்துப் பார்த்து வாங்கும் வேலை ஒரு தனி வேலையாகவே ஆகிவிட்டது.

இன்னொன்று வாடகை முறை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, அமெரிக்கப் படைகள் ஆஸ்திரேலியாவில் விட்டுப்போன சரக்குத் தூக்கும் கருவிகளையும் பாலெட்டுகளையும் நிர்வகிக்க அந்நாட்டு அரசு ஓர் அமைப்பை வைத்திருந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள்தான் 'செப்'. 1958இல் அதை பிராம்பிள்ஸ் நிறுவனம் வாங்கியது. உலகெங்கும் கிடங்குகளில் தென்படும் நீல நிறப் பாலெட் அதனுடையதுதான். இந்த முறையில் பாலெட்டை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கிடங்கிலிருந்து எடுக்கும்போது ஒரு கட்டணம், கையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை, அடுத்தவருக்குக் கைமாற்றினால் அவர் கணக்குக்கு மாற்றி எழுதுவது, தொலைத்தால் விலை. பழுது பார்ப்பதும் கழுவுவதும் நிறுவனத்தின் பாடு.

வாடகை முறையின் சூட்சுமம் நாள் வாடகையில் இருக்கிறது. சொந்தப் பெட்டி ஆலையின் மூலையில் 20 நாள் கிடந்தால் அதன் செலவு எந்தப் பில்லிலும் வராது. வாடகைப் பெட்டி கிடந்தால், அது யார் கணக்கில் இருக்கிறதோ அவருக்கு மாதக் கடைசியில் பில் வரும். போல்ட்டு போட்டு வைத்த ஸ்டோர்க்காரரைத் தேடி அவருடைய மேலாளரே வருவார். ஆனால் கைமாற்றியதை உடனே எழுதாவிட்டால், ஆலையில் கிடக்கும் பெட்டிக்கு ஓசூர்க்காரர் வாடகை கட்டிக்கொண்டே இருப்பார். பூலிங்கில் நஷ்டப்பட்டேன் என்று சொல்பவர்களைக் கிளறிப் பார்த்தால், பல சமயம் இந்த எழுத்து வேலையில்தான் ஓட்டை இருக்கும்.

மானேசர் சிக்கலுக்கும் விடை இங்கே கிடைக்கலாம். அங்கே காலியான பெட்டியை அங்குள்ள கிடங்கில் ஒப்படைத்துவிட்டு, ஓசூர் அருகில் உள்ள கிடங்கில் வேறு பெட்டி எடுத்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து தெற்கே பாகம் அனுப்புபவர்கள் அதே அளவுப் பெட்டியில் அனுப்பினால், காலிப் பெட்டி 2,000 கிலோமீட்டர் பயணிக்க வேண்டியதே இல்லை. ஆனால் எல்லாச் சரக்கும் ஒரே திசையில் போனால் நிறுவனம்தான் காலிப் பெட்டியைச் சுமந்து வர வேண்டும். அந்தச் செலவு கட்டணத்தில் ஏறிவிடும். காற்றுக்கு யாராவது ஒருவர் காசு கொடுத்தே ஆக வேண்டும். பொது அளவுப் பெட்டிக்கும் பாலெட்டுக்கும்தான் இந்த வசதி. பம்பர், கண்ணாடி, டாஷ்போர்டு போன்றவற்றுக்கென்று தனியே செய்த இரும்பு டிராலியை அடுத்தவர் பயன்படுத்த முடியாது. அது கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும்.

அட்டை ஜெயிக்கும் இடங்கள்

இதே பாகம் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போகிறது என்றால் சுற்று எளிதில் 100 வேலைநாள் ஆகிவிடும். அப்போது வேண்டிய பெட்டி 10,000, முதல் 90 லட்சம். பூலிங் நிறுவனம் இரு கரையிலும் இல்லாவிட்டால் அட்டைப்பெட்டிதான். அதற்கு அடியில் போகும் மரப் பாலெட்டுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. பூச்சி பரவாமலிருக்க, மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றி முத்திரை குத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் போகும் பாகத்துக்கும் அட்டைதான் சரி. ஆண்டுக்கு 12 தடவை பயணிக்கும் 900 ரூபாய்ப் பெட்டி தன் விலையைத் திருப்ப ஆண்டுகள் ஆகும், அதற்குள் அந்த மாடலே நின்றுபோகலாம். புதிய மாடல் காரின் முதல் சில மாதங்களிலும் பாகத்தின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். தடுப்பை வெட்டி முடித்த பிறகு பிராக்கெட்டில் ஒரு காது கூடினால் 1,400 பெட்டியின் தடுப்பும் குப்பை. வடிவம் உறுதியாகும்வரை அட்டையில் அனுப்பிவிட்டுப் பிறகு மாறுவதே கெட்டிக்காரத்தனம்.

சுற்றுச்சூழல் கணக்கும் இதே வழியில்தான் போகிறது. நூறு தடவை சுற்றும் பெட்டி நூறு அட்டைப்பெட்டியைத் தவிர்க்கிறது. பத்துத் தடவையில் தொலைந்துபோகும் பெட்டியோ, திரும்பி வர எரித்த டீசலையும் சேர்த்துப் பார்த்தால், மறுசுழற்சிக்குப் போகும் அட்டையைவிடப் பசுமையானது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே திரும்பும் பெட்டிக்கு மாற நினைப்பவர், பெட்டி விற்பவரிடம் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்னால் ஆலையோடு ஓர் ஒப்பந்த வரியை எழுதிக்கொள்ள வேண்டும்: பெட்டி உள்ளே வந்த எத்தனையாவது நாளுக்குள் காலியாகி வண்டி ஏற வேண்டும், அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை இரு தரப்பும் ஒரே நாளில் எண்ணிப் பார்த்துக் குறைந்ததை ரூபாயில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரிக்கு ஆலை ஒப்புக்கொண்டால் 1,400 பெட்டி தாராளமாக வாங்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், நாள் வாடகைக்குப் பெட்டியை எடுத்து அந்தப் பேச்சைப் பூலிங் நிறுவனத்தின் பில்லிடம் விட்டுவிடலாம். அதுவும் முடியாது என்றால், 60 ரூபாய் அட்டைப்பெட்டியே மலிவு.